கூட்டுத்தொகை சரியாக வந்தால் போதுமா?

வங்கி மின்னஞ்சலில் அனுப்பும் ஸ்டேட்மென்ட் பெரும்பாலும் பிடிஎஃப் கோப்பாகத்தான் வருகிறது. அதை எக்செல்லுக்குக் கொண்டுவர வேண்டிய தலைவலி பலருக்கும் உண்டு. ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்டிகிள்ஷிப் செய்யும் மாணவர், சங்கத்தின் பொருளாளர், விடுதி மெஸ் செயலாளர், ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வேண்டிய மளிகைக் கடைக்காரரின் மகன் என்று பட்டியல் நீளும். எப்படியோ மல்லுக்கட்டி எக்செல்லில் கொண்டுவந்து போட்ட பிறகு, அனேகமாக எல்லோரும் ஒரே ஒரு சோதனைதான் செய்கிறார்கள். பற்றைக் கூட்டு, வரவைக் கூட்டு, ஆரம்ப இருப்போடு சேர்த்துக் கழித்துப் பார், கடைசி இருப்பு வருகிறதா? வந்துவிட்டால் கோப்பை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

இந்தச் சோதனை போதாது. தப்பான தாளுக்கும் இது சில சமயம் 'சரி' என்று சான்றிதழ் கொடுத்துவிடும். இதைவிட நல்ல சோதனை ஸ்டேட்மென்டுக்குள்ளேயே, ஒவ்வொரு வரியின் கடைசியிலும், வங்கியே அச்சடித்துக் கொடுத்தபடி இருக்கிறது. அதைத்தான் யாரும் சீண்டுவதில்லை.

முதலில், எண்கள் ஏன் இடம் மாறுகின்றன என்று தெரிய வேண்டும். பிடிஎஃப் என்பது 1993-இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட வடிவம். எந்தக் கணினியில் திறந்தாலும், எந்தப் பிரிண்டரில் அடித்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதுதான் அதன் வேலை. அதனால் அந்தக் கோப்புக்குள் 'இந்த எழுத்தைத் தாளில் இந்த இடத்தில் வை' என்ற கட்டளைகள்தான் இருக்கும். இது அட்டவணை, இது மூன்றாவது பத்தி, இது நாலாவது பத்தி என்ற தகவல் சாதாரண வங்கி ஸ்டேட்மென்டில் இருப்பதில்லை. (அப்படிக் குறித்து வைக்கும் வசதி 2001 முதலே பிடிஎஃப்பில் உண்டு. பயன்படுத்தினால்தானே!) கண்ணுக்குத் தெரியும் கோடுகள் கூட வெறும் கோடுகள்தான். அவற்றுக்கும் எண்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதில் பெரிய வில்லன் காலிக் கட்டம். ஸ்டேட்மென்டில் ஒரு வரியில் பற்று இருந்தால் வரவு காலி, வரவு இருந்தால் பற்று காலி. தாளில் பார்க்கிற மனிதனுக்கு அந்தக் காலியிடமே ஒரு செய்தி. கோப்புக்குள் அந்த இடத்தில் ஒன்றுமே கிடையாது. பக்கத்தை அப்படியே காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு எண்கள் நிற்கும். ஒன்று தொகை, இன்னொன்று இருப்பு. தொகை பற்றா வரவா என்பது காப்பி செய்த நொடியிலேயே காணாமல் போயிருக்கும். பிறகு உட்கார்ந்து யூகிக்க வேண்டியதுதான்.

இதற்கென்றே இருக்கும் மென்பொருட்கள் இதைக் கொஞ்சம் நன்றாகச் செய்கின்றன. பத்திரிகையாளர்களை மனதில் வைத்து உருவாக்கப்பட்டு 2013-இல் வெளியான டேபுலா என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 365-இல் வரும் எக்செல்லிலேயே பிடிஎஃப்பிலிருந்து தரவை எடுக்கும் வசதி இருக்கிறது. கோடு போட்ட அட்டவணையாக இருந்தால் இவை கோடுகளை வைத்தே பிரித்துவிடும். கோடு இல்லையென்றால் எழுத்துகளுக்கு நடுவில் மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக ஓடும் இடைவெளிகளைத் தேடி 'இங்கே ஒரு பத்தி முடிகிறது' என்று முடிவு கட்டும். பல வங்கிகளின் ஸ்டேட்மென்டில் நடுக்கோடுகள் இருப்பதில்லை. ஆக, மிஞ்சுவது இந்த யூகம்தான்.

அந்த யூகம் எங்கே சறுக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். ஒரு கல்லூரி விடுதியின் மெஸ் கமிட்டிக்கு வங்கிக் கணக்கு இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். மாத ஆரம்பத்தில் ஒரு வாரம் முழுக்கக் கட்டணம் மட்டும் வரும். ஆளுக்கு 3,200 ரூபாய். ஸ்டேட்மென்டின் இரண்டாம் பக்கத்தில் இப்படிப் பதினெட்டு வரவுகள், ஒரு பற்று கூட இல்லை. தலைப்பு வரி முதல் பக்கத்தில் மட்டும்தான் அச்சாகியிருக்கிறது. மென்பொருள் இரண்டாம் பக்கத்தைப் பார்க்கும்போது பற்றுப் பத்தி இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. ஆகவே அதன் கணக்கில் அந்தப் பக்கத்தில் ஆறு பத்திகள் இல்லை, ஐந்துதான். வரவு நாலாவது பத்தியாகிவிடும், இருப்பு ஐந்தாவதாகிவிடும். முதல் பக்கத்தில் நாலாவது பத்தி பற்று. இரண்டு பக்கங்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கினால் பதினெட்டு மாணவர்களின் கட்டணமும் பற்றுப் பத்தியில் போய் உட்கார்ந்துவிடும்.

இத்தோடு விட்டால் பரவாயில்லை. அரைகுறையாகத் திருத்துவதுதான் இன்னும் ஆபத்து. வரவுப் பத்தியில் ஐம்பதாயிரம், அறுபதாயிரம் என்று இருப்புத் தொகைகள் நிற்பதைப் பார்த்ததும் 'ஓ, ஒரு பத்தி நகர்ந்துவிட்டது' என்று புரியும். உடனே அந்தப் பதினெட்டு எண்களையும் பிடித்து ஒரு கட்டம் வலப்பக்கம் இழுத்து இருப்புப் பத்தியில் சேர்த்துவிடுவார்கள். இப்போது தாள் பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் 3,200-கள் பற்றிலேயே இருக்கின்றன. இரண்டு பத்திகளும் சேர்ந்து நகர்ந்தன என்பது உறைக்காமல் ஒன்றை மட்டும் திருப்பியிருக்கிறார்கள். இந்தத் தப்பைக் கூட்டுத்தொகைச் சோதனையே பிடித்துவிடும். 57,600 ரூபாய் எதிர்ப்பக்கம் போனதால் கணக்கு 1,15,200 ரூபாய் இடிக்கும். ஆனால் எங்கே இடிக்கிறது என்று அது சொல்லாது. பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்டில் எண்ணூறு வரிகள் இருந்தால் விடிய விடியத் தேட வேண்டியதுதான்.

சரி, கூட்டுத்தொகை பிடிக்காத தப்பு எது? அதே மெஸ் கணக்கில் ஜூன் 2025-இன் முதல் வாரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆரம்ப இருப்பு 42,350 ரூபாய். 2-ஆம் தேதி கேஸ் ஏஜென்சிக்கு 5,700. 3-ஆம் தேதி ஒரு மாணவரின் கட்டணம் 3,200 வரவு. 4-ஆம் தேதி அரிசிக் கடைக்கு யுபிஐ மூலம் 4,800 அனுப்பியதில் பணம் கணக்கிலிருந்து போய்விட்டது, ஆனால் கடைக்குப் போய்ச் சேரவில்லை. அன்றே 4,800 திரும்பி வந்துவிட்டது. 5-ஆம் தேதி மறுபடி அனுப்பியது போய்ச் சேர்ந்தது. 6-ஆம் தேதி காய்கறிக்கு 2,150. கடைசி இருப்பு 32,900.

யுபிஐ விவரம் நீளமானது என்பதால் அது இரண்டு மூன்று வரிகளாக மடங்கி அச்சாகும். தேதியும் தொகையும் அந்த மூன்று வரிகளுக்கு நடுவில் நிற்கும்படி சில வங்கிகள் வடிவமைத்திருக்கின்றன. அதனால் பணம் திரும்பி வந்த பதிவில் 'ரிவர்சல்' என்ற சொல் இருக்கும் முதல் வரி, அதன் தொகைக்கு மேலே, முந்தைய பதிவை ஒட்டி நிற்கிறது. நோட்பேடில் ஒட்டும்போது அந்த வரி முந்தைய பதிவின் வால் போலத் தெரியும். பற்றா வரவா என்பதைச் சொற்களைப் பார்த்துத்தானே முடிவு செய்தாக வேண்டும்? ரிவர்சல் என்று இருக்கிறதே என்று முதல் 4,800-ஐ வரவில் போடுகிறார் செயலாளர். அடுத்ததில் கடைக்காரர் பெயர் மட்டும் இருக்கிறது, ஆகவே அது பற்று. எக்செல்லில் 2-ஆம் வரியில் ஆரம்ப இருப்பு இருக்கிறது என்றால் 3-ஆம் வரி முதல் தாள் இப்படி இருக்கும் (ரெஃபரன்ஸ் எண் இருக்கும் C பத்தி இங்கே விடப்பட்டிருக்கிறது):

```
     A        B                      D          E          F
2    01-06    OPENING BALANCE                              42350.00
3    02-06    UPI/GAS                5700.00               36650.00
4    03-06    UPI/FEE                           3200.00    39850.00
5    04-06    UPI/RICE REVERSAL                 4800.00    35050.00
6    04-06    UPI/RICE               4800.00               39850.00
7    05-06    UPI/RICE               4800.00               35050.00
8    06-06    UPI/VEG                2150.00               32900.00
```

இப்போது கூட்டிப் பார்க்கலாம். பற்று மொத்தம் 17,450. வரவு மொத்தம் 8,000. ஆரம்ப இருப்பு 42,350-உடன் 8,000-ஐக் கூட்டி 17,450-ஐக் கழித்தால் 32,900. பைசா பிசகாமல் சரி! ஒரே தொகை இரண்டு பக்கமும் இடம் மாறியதால் மொத்தத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. பணம் போய்த் திரும்பி வருவது யுபிஐயில் அபூர்வம் இல்லை. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்து பிறகு வரவு வைக்கப்படுவதும் இதே வகைதான். செக் போட்டுத் திரும்பி வந்தாலும் இதே ஜோடிதான் விழும்.

ஆனால் இந்தத் தாளை மெஸ் கூட்டத்தில் விரித்தால் என்ன ஆகும்? இதன்படி அரிசிக் கடைக்காரர் முதலில் காரணமே இல்லாமல் 4,800 ரூபாய் கொடுத்திருக்கிறார். பிறகு அவருக்கு அடுத்தடுத்து இரண்டு முறை பணம் போயிருக்கிறது. கடைக்காரரைக் கேட்டால் 'எனக்கு ஒரு தடவைதான் வந்தது, 4-ஆம் தேதி ஒன்றுமே வரவில்லையே' என்பார். அவர் சொல்வது உண்மை. தாளில் 4-ஆம் தேதி 'போய்ச் சேர்ந்த' பணம் எங்கே என்று நாலு பேர் கேட்பார்கள். ஒரு பைசா தொடாத செயலாளர், தன் தாளிலேயே பதில் இல்லாமல் நிற்பார். தொகை சின்னதுதான். விடுதியில் ஒரு பெயர் கெடுவதற்கு அவ்வளவு போதும்.

இங்கேதான் இருப்புப் பத்தி உதவிக்கு வருகிறது. ஒவ்வொரு வரியிலும் வங்கி அந்தப் பதிவுக்குப் பிறகான இருப்பை அச்சடித்திருக்கிறது. அதாவது, முந்தைய வரியின் இருப்பும் இந்த வரியின் இருப்பும் தெரிந்தால், நடுவில் என்ன நடந்திருக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும். தாளின் G பத்தியில், 3-ஆம் வரியில், இந்தச் சூத்திரத்தைப் போட்டுக் கீழே கடைசி வரை இழுத்தால் போதும்:

```
=ROUND(F2+N(E3)-N(D3)-F3,2)
```

முந்தைய இருப்பு, கூட்டல் வரவு, கழித்தல் பற்று, கழித்தல் இந்த வரியின் இருப்பு. எல்லாம் ஒழுங்காக இருந்தால் G பத்தி முழுக்கப் பூஜ்யம். (ROUND எதற்கு என்றால், கணினி பைசாக்களை இருமத்தில் வைத்துக்கொள்வதால் பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் சில சமயம் 7.27596E-12 மாதிரி ஏதாவது வந்து பயமுறுத்தும்.) லிப்ரே ஆபீஸிலும் இதே சூத்திரம் வேலை செய்யும்.

மேலே உள்ள தாளில் இதைப் போட்டால் 5-ஆம் வரியில் 9,600 என்றும், 6-ஆம் வரியில் -9,600 என்றும் காட்டும். மற்றதெல்லாம் பூஜ்யம். எத்தனை ஆயிரம் வரிகள் இருந்தாலும் சரி, தப்பு எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியிலேயே விளக்கு எரியும். அடுத்த வரிக்கு அது பரவாது. அடுத்த வரி தன் கணக்கை வங்கி அச்சடித்த இருப்பிலிருந்து புதிதாக ஆரம்பிப்பதுதான் காரணம்.

இன்னொரு வசதி, என்ன தப்பு என்பதையும் அந்த எண்ணே சொல்லிவிடும். G-யில் வந்திருப்பது அந்த வரியின் தொகையைப் போல இரண்டு மடங்கு என்றால், பற்றும் வரவும் இடம் மாறியிருக்கிறது. 4,800 இருக்கும் வரியில் 9,600 வந்தது அதனால்தான். அந்த வரியின் தொகையே அப்படியே வந்தால் பெரும்பாலும் அந்த எண் எண்ணாக வரவில்லை, எழுத்தாக வந்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணுக்கு 4,800.00 என்று தெரியும், ஆனால் எக்செல்லுக்கு அது வெறும் சொல். பின்னால் ஒரு கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தால் கூடப் போதும். SUM இப்படிப்பட்ட கட்டங்களைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். சூத்திரத்தில் இருக்கும் N அதைப் பூஜ்யமாக்கி, வித்தியாசமாக வெளியே காட்டிக்கொடுக்கும். (ஒரே பதிவு இரண்டு முறை வந்திருந்தாலும் அதன் தொகையேதான் வரும், கூட்டல் கழித்தல் குறி மட்டும் மாறி.) இரண்டு மடங்கும் இல்லை, அந்த வரியின் தொகையும் இல்லை, சம்பந்தமே இல்லாத ஒரு எண் வருகிறது என்றால் அதற்கு மேலே ஒரு பதிவு விடுபட்டுப் போயிருக்கிறது. வந்த எண்தான் விடுபட்ட தொகை. கூட்டல் குறியோடு வந்தால் விடுபட்டது பற்று, கழித்தல் குறியோடு வந்தால் வரவு. பிடிஎஃப்பில் அந்தத் தொகையைத் தேடினால் அனேகமாகப் பக்கம் மாறும் இடத்தில் கிடைக்கும். #VALUE! என்று வந்தால் இருப்பில் 'Cr', 'Dr' ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நீக்கும்போது ஓவர்டிராஃப்ட் கணக்காக இருந்தால் ஒரு எச்சரிக்கை வேண்டும்: Dr என்று முடியும் இருப்பு மைனஸ் எண்ணாக மாற வேண்டும்.

சில வங்கிகள் கடைசிப் பதிவை முதலில் போட்டு, தலைகீழாக ஸ்டேட்மென்ட் கொடுக்கும். அப்போது G பத்தி முழுக்கக் கண்டபடி எண்கள் வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். வரிசையைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் தேதியை வைத்து சார்ட் செய்யக் கூடாது. ஒரே நாளில் நடந்த பதிவுகள் முன்பின்னாக நின்றுவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். பக்கத்தில் ஒரு பத்தியில் 1, 2, 3 என்று எண் கொடுத்து அதை வைத்துத் திருப்புவதே நல்லது.

இவ்வளவு எளிமையான விஷயத்தை ஏன் செய்வதில்லை என்று யோசித்தால், பலர் செய்யவே செய்கிறார்கள், ஆனால் தப்பாகச் செய்கிறார்கள். இருப்புப் பத்தி கலைந்து வந்துவிட்டது என்று அதை மொத்தமாக அழித்துவிட்டு, முந்தைய இருப்பு, கூட்டல் வரவு, கழித்தல் பற்று என்று தாங்களே சூத்திரம் போட்டு நிரப்பிவிடுகிறார்கள். தாள் அழகாகிவிடும். ஆனால் அத்தோடு சாட்சியைக் கொன்றாயிற்று. அதற்குப் பிறகு G சூத்திரம் போட்டால் எப்போதும் பூஜ்யம்தான் வரும், ஏனென்றால் கேள்வியும் பதிலும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. சோதனைக்கு அர்த்தம் இருக்க வேண்டுமென்றால் F பத்தியில் இருப்பவை பிடிஎஃப்பிலிருந்து வந்த எண்களாகவே இருக்க வேண்டும். ஒரு வரியில் வித்தியாசம் வந்தால் D-யையும் E-யையும் பிடிஎஃப்போடு ஒப்பிட்டுத் திருத்தலாம், விடுபட்ட வரியைச் சேர்க்கலாம். பூஜ்யம் வர வேண்டும் என்பதற்காக F-இல் கை வைப்பது, காய்ச்சல் குறைய தெர்மாமீட்டரை ஃபிரிட்ஜில் வைக்கிற கதை.

கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பது என்றொரு வழி இருக்கிறதே என்றால், அது நம்ப முடியாதது. சரிபார்ப்பவர் முதல் பக்கத்தைக் கவனமாகப் பார்ப்பார், கடைசிப் பக்கத்தைப் பார்ப்பார், நடுவில் ஸ்க்ரோல் செய்வார். மேலே சொன்ன பதினெட்டு வரவுகளும் நடுப்பக்கத்தில்தான் இருக்கின்றன. இடம் மாறிய எண் தப்பான எண் போலவும் தெரியாது. 3,200 என்பது சரியான 3,200 தான். நிற்கிற இடம்தான் தப்பு.

தப்பு வந்தபின் பிடிப்பதை விட, வராமல் தடுக்கப் பாதி வேலை செய்யலாம். பத்தி எங்கே முடிகிறது என்று மென்பொருளை யூகிக்க விடாமல் சொல்லிக் கொடுப்பதுதான் வழி. ஏ4 தாளின் அகலம் பிடிஎஃப் கணக்கில் ஏறத்தாழ 595 புள்ளிகள், அங்குலத்துக்கு 72. ஸ்டேட்மென்டில் தொகைகள் வலப்பக்கம் ஒட்டி அச்சாகின்றன. பற்றுத் தொகைகள் எல்லாம் 428-ஆவது புள்ளியில் முடிகின்றன என்றால் எல்லையை 430-இல் வைக்க வேண்டும். இரண்டு பத்திகளுக்கும் நட்டநடுவில் வைத்தால் 12,00,000.00 மாதிரி நீளமான வரவு ஒன்று வரும்போது அதன் தலை எல்லையைத் தாண்டிப் பற்றுப் பக்கம் நீட்டிக்கொள்ளும். தொகை எங்கே ஆரம்பிக்கிறது என்பது வரிக்கு வரி மாறும், எங்கே முடிகிறது என்பதுதான் நிலையானது. டேபுலாவின் கட்டளைவரி வடிவத்தில் ஆறு பத்திகளுக்கு ஐந்து எல்லைகள் கொடுத்தால் இப்படி இருக்கும் (எண்கள் ஸ்டேட்மென்டுக்கு ஸ்டேட்மென்ட் மாறும்):

```
java -jar tabula.jar -t -p all -c 85,270,350,430,500 -o out.csv statement.pdf
```

இப்படிக் கொடுத்துவிட்டால் ஒரு பக்கத்தில் பற்றே இல்லாவிட்டாலும் அந்தப் பத்தி காலியாக அங்கேயே நிற்கும். கோப்புக்குப் பாஸ்வேர்டு இருந்தால் `-s` சேர்த்துக் கொடுக்க வேண்டும். எக்செல்லின் பிடிஎஃப் வசதியில் இப்படி எல்லை சொல்லும் வழி இல்லை. அதில் பக்கத்துக்கு ஒரு அட்டவணையாக வந்தால், ஒன்றாக இணைக்கும் முன் எல்லாவற்றிலும் பத்திகளின் எண்ணிக்கை ஒன்றுதானா என்று பார்த்துவிட வேண்டும். Column4 என்ற பெயர் ஒத்துப்போனால் அது கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடும். உள்ளே இருப்பது வரவா பற்றா என்று அதற்குத் தெரியாது.

இணையத்தில் 'இலவசமாக மாற்றித் தருகிறோம்' என்று வாசலில் நிற்கும் தளங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டேட்மென்டில் இருப்பது கணக்கு வைத்திருப்பவரின் தகவல் மட்டுமல்ல. யுபிஐ விவரத்தில் பணம் அனுப்பிய ஒவ்வொருவரின் பெயரும், சில சமயம் கைபேசி எண்ணும் இருக்கும். மெஸ் கணக்கு என்றால் விடுதியில் பாதிப் பேரின் விவரம். சொந்தக் கணினியிலேயே ஓடும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும்போது, அதை முகம் தெரியாத ஒரு சர்வருக்கு ஏற்ற யாருக்கும் உரிமை இல்லை. அதையும்விட, வங்கியின் நெட்பேங்கிங் பக்கத்தில் எக்செல் அல்லது சிஎஸ்வி வடிவில் இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று முதலில் பார்த்தால் இத்தனை கூத்தும் தேவைப்படாது. பழைய வருடங்களுக்கும், மூடிவிட்ட கணக்குகளுக்கும்தான் பிடிஎஃப் மட்டுமே கதி என்று ஆகிறது.

G பத்தியும் எல்லாம் தெரிந்ததல்ல. ஒன்று, போன 4,800-உம் திரும்பி வந்த 4,800-உம் இரண்டு வரிகளுமே சேர்ந்து விடுபட்டால் அது பூஜ்யமே காட்டும். இதற்கு எண்ணிக்கைதான் மருந்து. சில வங்கிகள் ஸ்டேட்மென்டின் முடிவில் மொத்தம் எத்தனை பற்று, எத்தனை வரவு என்று எண்ணிக்கையும் கொடுக்கின்றன. D பத்திக்கும் E பத்திக்கும் COUNT போட்டு அதோடு ஒப்பிடலாம். இன்னொன்று, அது விவரத்தையும் தேதியையும் பார்ப்பதே இல்லை. முன்பு சொன்ன உதாரணத்தில் 4,800-களை இடம் மாற்றிச் சரிசெய்த பிறகு G பூஜ்யமாகிவிடும், ஆனால் 'ரிவர்சல்' என்ற சொல் இன்னும் தப்பான பதிவோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். மடங்கிய விவரங்களைச் சேர்த்து முடித்தபின் H பத்தியில் இதைப் போட்டால் ஒவ்வொரு பதிவிலும் 1 வர வேண்டும்:

```
=COUNT(D3:E3)
```

பூஜ்யம் வருகிற வரி, தனியாகத் தொங்கும் விவரத் துண்டு. 2 வந்தால் இரண்டு பதிவுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன அல்லது இருப்பு நகர்ந்து வந்திருக்கிறது. துண்டு எந்தப் பதிவுக்குச் சொந்தம் என்பதற்குச் சூத்திரம் கிடையாது. பிடிஎஃப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்தின் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும், ஒரே நாளில் ஒரே தொகை இரண்டு முறை வரும் இடங்களையும் கையால்தான் பார்க்க வேண்டும். தேதியில் இன்னொரு வம்பு. கணினி அமெரிக்க முறைக்கு அமைக்கப்பட்டிருந்தால் 04-06 என்பது ஏப்ரல் 6 ஆகிவிடும். 13-06 மாற முடியாமல் எழுத்தாகவே நிற்கும். தேதிப் பத்தியில் பாதி வலப்பக்கமும் பாதி இடப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான் காரணம்.

கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டில் இந்த வைத்தியம் பலிக்காது. அதில் பொதுவாக வரிக்கு வரி இருப்பு இருப்பதில்லை, தொகைக்கும் ஒரே பத்திதான். வரவாக இருந்தால் பக்கத்தில் Cr என்று இருக்கும், அது உதிர்ந்துவிட்டால் கட்டிய பணம் செலவாக மாறிவிடும். அங்கே கூட்டுத்தொகையைத் தவிர வேறு கதியில்லை. ஆகவே பக்கம் பக்கமாக, தனித்தனியாகக் கூட்டிப் பார்ப்பதும், Cr எத்தனை இருக்கிறது என்று பிடிஎஃப்பில் தேடி எண்ணுவதும்தான் செய்ய முடிந்தது.

சேமிப்புக் கணக்குக்கும் நடப்புக் கணக்குக்கும் அப்படி இல்லை. சாட்சி ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. எனவே பொறுப்பைத் தாளைத் தயாரிப்பவர் தலையில் மட்டும் கட்டுவது சரியல்ல, வாங்குபவருக்கும் பங்கு உண்டு. ஆடிட்டராக இருந்தாலும், வார்டனாக இருந்தாலும், சங்கத்தின் தலைவராக இருந்தாலும், பிடிஎஃப்பிலிருந்து எடுத்த தாள் என்றால் G பத்தி இல்லாமல் வாங்கிக்கொள்ளக் கூடாது. இப்போது நடப்பது நேர் எதிர். யாராவது அந்தப் பத்தியைப் போட்டிருந்தால் கூட, அனுப்புவதற்கு முன் 'அசிங்கமாக இருக்கிறது, பூஜ்யமாக நிற்கிறது' என்று அழித்துவிட்டு அனுப்புகிறார்கள். அந்தப் பூஜ்யங்கள் அங்கேயே நிற்கட்டும். வாங்குபவர் செய்ய வேண்டியது இரண்டே நிமிட வேலை. F பத்தியில் ஏதாவது ஒரு கட்டத்தைச் சொடுக்கி, மேலே சூத்திரப் பட்டையில் வெறும் எண் இருக்கிறதா, இல்லை சூத்திரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு G பத்தியில் ஃபில்டர் போட்டுப் பூஜ்யத்தைத் தவிர வேறு ஏதாவது பட்டியலில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்தால் தாளைத் திருப்பி அனுப்பிவிடலாம், எந்த வரி என்ற எண்ணோடு.